குச்சியும் கல்லும் கொண்டு தராசு கட்டி மாம்பழத்தையும் கூழாங்கல்லையும் நிறுத்தல்: முழுமையான வழிகாட்டி

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், சென்ற மே மாதம் ஒரு பாதாமி மாம்பழத்தையும் பூந்தொட்டியிலிருந்து எடுத்த கூழாங்கல்லையும் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு கீழே இறங்கி வந்தான். கல்தான் கனம் என்று அவனுடைய பாட்டி சொல்லிவிட்டார். அவன் கைக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவன் பிடிவாதம். வீட்டில் தராசு இல்லாததால், உடைந்த ஒட்டடைக் கம்பிலிருந்து அவனே ஒன்று கட்டினான். அந்தத் தராசு முதல் நாள் பொய் சொன்னது, மூன்றாம் நாள்தான் உண்மை சொன்னது. இடையில் அவன் செய்த தவறுகளையே பிறகு நான் பார்த்த மற்றப் பிள்ளைகளும் செய்தார்கள். எனவே அவன் செய்த வரிசையில் இல்லாமல், செய்திருக்க வேண்டிய வரிசையில் படிகளைத் தருகிறேன்.

1. முன்னதாகச் சேர்த்து வைக்க வேண்டியவை

ஏறத்தாழ 60 செ.மீ. நீளமும் விரல் பருமனும் உள்ள, வளையாத குச்சி ஒன்று வேண்டும். மூங்கில் நல்லது. தென்னை ஈர்க்குச்சியும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயும் ஆகா. மாம்பழத்தின் கனத்தில் அவை வில்லாக வளைந்து, நிறுத்து முடிவதற்குள் வடிவம் மாறிவிடும்.

ஒரே அளவுள்ள இரண்டு பாக்குமட்டைத் தட்டுகள், கோணி தைக்கும் சணல் நூல், அளவுகோல், ஒரு நீளமான ஈர்க்குச்சி, சிறிது மெழுகு ஆகியவற்றை எடுத்து வையுங்கள். எதிர்த்தட்டில் போடுவதற்குக் கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து இரண்டு கைப்பிடி ஜல்லியும் ஒரு கைப்பிடி எம்-சாண்டு மணலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இவற்றுடன் ஒரே வகையான ஐந்து ரூபாய் நாணயங்கள் ஆறு இருந்தால், வித்தியாசத்தைக் கிராமிலும் சொல்லலாம். 2011-ஆம் ஆண்டு வடிவத்தில் வந்த பொன்னிறக் காசு 6 கிராம் எடை. அதற்கு முந்தைய கனத்த வெள்ளை நிறக் காசு 9 கிராம் என்பதால் இரண்டையும் கலக்கக் கூடாது.

தராசைத் தொங்கவிடக் காற்று வீசாத இடம் தேவை. எங்கள் வீட்டில் தூளி கட்டுவதற்காக உத்தரத்தில் பதித்த கொக்கி பயன்பட்டது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தட்டுகள் இலேசானவை, சிறு காற்றுக்கும் ஆடும்.

2. நீளத்தை அளந்து நடுவைக் குறியுங்கள். குச்சி சமனாக நிற்கும் இடத்தைத் தேடாதீர்கள்

பெரும்பாலோர் இடறி விழுவது இந்தப் படியில்தான்.

குச்சி கையில் கிடைத்ததும் பையன் அதை ஒரு விரல்மேல் வைத்து, எங்கே சாயாமல் நிற்கிறதோ அங்கே கயிற்றைக் கட்டினான். வெறுந்தட்டுகளுடன் தராசு நேராக நின்றதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தான். மாம்பழத்தை இடத்தட்டிலும் கல்லை வலத்தட்டிலும் வைத்தான், மாம்பழம் தாழ்ந்தது. உறுதிப்படுத்திக்கொள்ள இரண்டையும் இடம் மாற்றி வைத்தான். இப்போது கல் தாழ்ந்தது. சற்று நேரம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, எதை இடது பக்கம் வெச்சாலும் அதுதான் கனமா இருக்கு" என்றான்.

ஒட்டடைக் கம்பு ஒரு முனையில் பருத்தும் மறுமுனையில் சிறுத்தும் இருக்கும். அது விரல்மேல் சமனாக நிற்கும் இடம் நீளத்தின் நடுவில் இல்லை, பருத்த முனைக்கு நெருக்கமாக இருக்கிறது. அவனுடைய குச்சியில் 2 செ.மீ. தள்ளியிருந்தது. அங்கே கட்டியதால் பருத்த பக்கத்துக் கை 28 செ.மீ. ஆகவும் சிறுத்த பக்கத்துக் கை 32 செ.மீ. ஆகவும் அமைந்துவிட்டன.

தட்டு காலியாக இருக்கும்போது குச்சியின் கனம் அந்த வேறுபாட்டை ஈடுகட்டிக்கொள்கிறது. பொருளை வைத்ததும் நிலைமை மாறுகிறது, ஏனென்றால் ஒரு பொருள் குச்சியை எவ்வளவு வலுவாகக் கீழே இழுக்கிறது என்பது அதன் எடையையும் கையின் நீளத்தையும் பெருக்கினால் கிடைப்பது. 32 செ.மீ. கையில் தொங்கும் 100 கிராம், 28 செ.மீ. கையில் தொங்கும் 114 கிராமைச் சமன் செய்துவிடும். காலியாக இருக்கும்போது தராசு நேராக நிற்பதும் அது நேர்மையாக நிறுப்பதும் வெவ்வேறு; முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாவதை நம்பிவிடக் கூடாது.

ஆகவே அளவுகோலால் நடுவைக் குறியுங்கள். இரு முனைகளிலிருந்தும் 1 செ.மீ. உள்ளே தள்ளித் தட்டுகளுக்கான குறிகளை இட்டு, நடுக்குறியிலிருந்து இரண்டும் சம தூரத்தில் உள்ளனவா என்று மறுபடி அளந்துகொள்ளுங்கள். இப்படிக் குறித்த நடுவில் கட்டினால் குச்சி பருத்த பக்கம் சாயும். சாயட்டும், அதை ஆறாம் படியில் சரிசெய்வோம்.

3. மூன்று குறிகளிலும் மேலோட்டமாகக் கீறுங்கள்

கீறல் இல்லாத வழவழப்பான மூங்கிலில், மாம்பழத்தை வைத்த உடனே முனையில் கட்டிய நூல் வழுக்கி நகரும். கையின் நீளம் நம் கண்முன்னே மாறிவிடும். ஆகவே மூன்று குறிகளிலும் குச்சியைச் சுற்றி நூல் பதியும் அளவுக்குக் கத்தியால் கீற வேண்டும். கத்தியைப் பெரியவர் யாராவது பிடிப்பது நல்லது.

இப்போதைக்கு ஆழமாகக் கீற வேண்டாம். எட்டாம் படியில் ஒரு முனைக் கீறலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்த்த நேரலாம். ஆழமான பழைய பள்ளம் அருகிலேயே இருந்தால் நூல் அதற்குள் போய் விழுந்துவிடும்.

4. நடுக் கயிற்றின் முடிச்சு குச்சியின் முதுகில் அமைய வேண்டும்

நடுவில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, முடிச்சைக் குச்சியின் மேற்புறத்தில் போட்டு, அங்கிருந்து நூலைக் கொக்கிக்குக் கொண்டு செல்லுங்கள். முனைகளில் தட்டுகளுக்கான நூல்களையும் அவ்வாறே கட்டி, முடிச்சு குச்சியின் அடிப்புறத்தில் இருக்குமாறு திருப்பிவிடுங்கள். குச்சி எந்தப் புள்ளியைச் சுற்றி ஆடுகிறதோ அந்தப் புள்ளி, கனங்கள் தொங்கும் புள்ளிகளைவிடச் சற்றே மேலே இருக்க வேண்டும் என்பதே இதன் காரணம். விரல் பருமனுள்ள குச்சியில் அந்த உயரம் தானாகவே ஒன்றரை செ.மீ. அளவுக்கு வந்துவிடும்.

இந்த உயரத்தை இரண்டு விதமாகக் கெடுப்பதைப் பார்த்திருக்கிறேன். சிலர் கயிறு கட்டச் சோம்பல்பட்டு, செங்கல் விளிம்பின்மேல் குச்சியை வைத்து சீசா பலகை போலச் செய்கிறார்கள். அப்போது குச்சி தாங்குபுள்ளிக்கு மேலே இருப்பதால், ஒரு பக்கம் சிறிது தாழ்ந்ததும் மீளாமல் அப்படியே கவிழ்ந்துவிடும். இரண்டு தட்டிலும் ஒரே எடை இருந்தாலும் அது நேராக நிற்காது.

வேறு சிலர் குச்சி ஆடாமல் இருக்க வேண்டும் என்று, சுவரில் படம் மாட்டுவதைப் போல, நடுவின் இருபுறமும் இரண்டு கயிறுகள் கட்டி மேலே ஒரு முடிச்சில் சேர்க்கிறார்கள். முடிச்சு பத்து செ.மீ. மேலே போய்விட்டால் தராசு மந்தமாகிவிடும். ஒரு பக்கம் ஒரு காசு கூடுதலாகப் போட்டாலும் குச்சி அசைந்ததா இல்லையா என்று யோசிக்க வேண்டியிருக்கும். பையனுடைய தங்கை கட்டிய தராசு இந்த வகை. பார்க்க மிக ஒழுங்காக நின்றது, எதை வைத்தாலும் அதே ஒழுங்குடன்தான் நின்றது.

5. தட்டுகளைக் கட்டுதல்

ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் சம இடைவெளியில் மூன்று துளைகள் இட்டு, நூல்களை மேலே ஒரே முடிச்சில் சேர்த்து, குச்சியின் முனையில் தொங்கவிடுங்கள். இரண்டு தட்டுகளும் ஒரே உயரத்தில் தொங்க வேண்டும் என்று பிள்ளைகள் அரை மணி நேரம் செலவிடுவார்கள், அது தேவையற்றது. நூல் நீளமாக இருந்தாலும் குட்டையாக இருந்தாலும் தட்டின் இழுப்பு மாறாது. தட்டு ஒரே புள்ளியிலிருந்து தொங்குவதால், பழத்தைத் தட்டின் நடுவில் வைக்கிறோமா ஓரத்தில் வைக்கிறோமா என்பதும் கணக்கில் வராது.

6. தடை கட்டுதல்

இப்போது தராசைக் கொக்கியில் மாட்டினால் அது பருத்த பக்கம் சாய்ந்து நிற்கும். சிறுத்த பக்கத்தில் ஏதாவது ஒரு சிறு கனத்தைச் சேர்த்து நேராக்க வேண்டும். எண்ணெய்க் கடைக்காரர் பாத்திரத்துக்குத் தடை கட்டிவிட்டுத்தான் எண்ணெயை நிறுப்பார். இதுவும் அதே வேலைதான். பையனின் குச்சிக்கு ஐந்து ரூபாய்க் காசு ஒன்றின் எடைக்குச் சற்றுக் குறைவான தடை தேவைப்பட்டது. தட்டுகளின் எடையில் இருக்கும் சிறு வேறுபாட்டையும் இதே தடை ஏற்றுக்கொள்ளும்.

அவன் முதலில் சப்பாத்தி மாவை உருட்டி ஒட்டினான். மாலையில் கச்சிதமாக நின்ற தராசு காலையில் பருத்த பக்கம் சாய்ந்திருந்தது. யாரோ தொட்டுவிட்டார்கள் என்று தங்கையுடன் சண்டை வேறு. மாவு உருண்டை இரவு முழுவதும் காய்ந்து எடை குறைந்திருந்தது, அவ்வளவுதான். ஈரக் களிமண்ணும் இப்படியே காலை வாரும். மெழுகையோ இறுகச் சுற்றிய கம்பித் துண்டையோ பயன்படுத்துங்கள்.

தடையைக் கையின் எந்த இடத்தில் ஒட்டினாலும் சரி, நிறுத்து முடியும்வரை அது நகரக் கூடாது. ஒன்றை மறக்க வேண்டாம்: தடை என்பது வெறுந்தராசை நேராக்கும் உபாயம் மட்டுமே. கைகளின் நீளம் சமமாக இல்லாவிட்டால் எத்தனை தடை கட்டினாலும் அந்தக் குறை போகாது.

7. முள்ளும் தூக்குக் குண்டும்

தட்டுகளின் உயரத்தைப் பார்த்துச் சமநிலையை முடிவு செய்யாதீர்கள். நூல்களின் நீளம் வேறுபட்டால் கண் ஏமாந்துவிடும். 25 செ.மீ. நீளமுள்ள ஈர்க்குச்சியைக் குச்சியின் நடுவில் அதற்குச் செங்குத்தாக, கீழ்நோக்கி நிற்குமாறு இறுகக் கட்டுங்கள். இதுதான் தராசின் முள். கொத்தனார் சுவர் பிடிக்கும் தூக்குக் குண்டைப் போல, ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டி, அதே கொக்கியிலிருந்து முள்ளின் பின்னால் தொங்கவிடுங்கள். முள்ளும் நூலும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் குச்சி சமனாக இருக்கிறது என்று பொருள்.

பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இரண்டும் விலகித் தெரியும், ஆகவே நேர் எதிரே அமர்ந்து ஒரு கண்ணால் பாருங்கள். முள் முழுவதும் அசைவற்று நிற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நூலின் இருபுறமும் சம தூரம் ஆடினாலே போதும். எங்கள் தராசில் மாம்பழம் இருக்கும்போது 1 கிராம் கூடினால் முள்ளின் நுனி 1 செ.மீ. அளவுக்கு விலகியது, அது இந்த வேலைக்குத் தாராளம்.

முள்ளைக் கட்டிய பின் வெறுந்தராசை மீண்டும் ஒரு முறை தடையால் சரிசெய்துகொள்ளுங்கள். முள் சற்றுக் கோணலாக அமைந்திருந்தாலும், வெறுந்தராசில் அது நூலோடு ஒன்றுமாறு குச்சியில் திருகிச் சரிசெய்யலாம்.

8. இடம் மாற்றிச் சோதித்தல்

மாம்பழத்தை இடத்தட்டில் வைத்து, வலத்தட்டில் ஜல்லியும் மணலுமாகப் போட்டு முள்ளை நூலோடு சேருங்கள். பிறகு இரண்டு தட்டிலும் உள்ளவற்றை இடம் மாற்றுங்கள். ஜல்லியையும் மணலையும் முதலிலேயே ஒரு காகிதத்தில் வைத்திருந்தால் சிந்தாமல் மாற்றலாம். அதே போன்ற இன்னொரு காகிதத்தை மாம்பழத்துக்கு அடியிலும் வைத்து, மாற்றும்போது கூடவே மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகும் முள் நூலோடு ஒன்றியிருந்தால் கைகள் சமம், தராசை நம்பலாம்.

முள் விலகினால், இப்போது தாழ்ந்த பக்கத்தின் கையே நீளமானது. எவ்வளவு நீளம் என்பதையும் கணக்கிடலாம். 260 கிராம் மாம்பழத்தை இடம் மாற்றிய பின், உயர்ந்த தட்டில் ஒரு காசு, அதாவது 6 கிராம் சேர்த்தால்தான் சமனாகிறது என்று வைத்துக்கொள்வோம். இடம் மாற்றும்போது பிழை இரட்டிப்பாகத் தெரியும் என்பதால், உண்மையான பிழை 260-இல் 3 கிராம். 29 செ.மீ. கையில் அது ஏறத்தாழ 3.3 மில்லிமீட்டருக்குச் சமம். நீளமான பக்கத்து நூலை அந்த அளவு உள்ளே தள்ளிப் புதிய கீறல் இட்டு, தடையை மறுபடி சரிசெய்து, சோதனையை மீண்டும் செய்யுங்கள். நூலை நகர்த்தியதும் வெறுந்தராசும் சற்றுச் சாய்ந்திருக்கும், எனவே தடையை விட்டுவிட்டு நேரே நிறுக்கப் போகாதீர்கள்.

இரண்டு முறை திருத்தியும் சரிவரவில்லை என்றால் அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அடுத்த படியில் சொல்லும் முறை, கை சமமில்லாத தராசிலும் சரியான விடை தரும்.

9. நிறுத்தல்: இரண்டையும் ஒரே தட்டில், ஒன்றன் பின் ஒன்றாக

மாம்பழத்தை ஒரு தட்டிலும் கல்லை எதிர்த்தட்டிலும் வைத்து ஒப்பிடத்தான் எல்லோருக்கும் கை போகும். நான் பரிந்துரைப்பது வேறு.

மாம்பழத்தை இடத்தட்டில் வையுங்கள். வலத்தட்டில் முதலில் ஜல்லிக் கற்களை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒரு கல் போட்டால் கூடுதல், எடுத்தால் குறைவு என்ற நிலை வந்ததும், கல்லை எடுத்துவிட்டு மணலைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி முள்ளை நூலோடு சேருங்கள். இதன் பிறகு வலத்தட்டைத் தொடவே கூடாது. குச்சியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மாம்பழத்தை எடுங்கள். பிடிக்காமல் எடுத்தால் வலத்தட்டு தடாலென்று கீழே இறங்கி மணல் சிந்திவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதே இடத்தட்டில் கூழாங்கல்லை வைத்துக் குச்சியை மெல்ல விடுங்கள். இடத்தட்டு உயர்ந்தால் கல் இலேசு, தாழ்ந்தால் கல் கனம்.

இரண்டு பொருள்களும் ஒரே தட்டில், ஒரே கையில் தொங்கியதால், அந்தக் கையின் நீளம் எதுவாக இருந்தாலும் ஒப்பீடு மாறாது. வலத்தட்டில் இருப்பது வெறும் சாட்சி, அதன் எடை என்ன என்று நமக்குத் தெரிய வேண்டியதும் இல்லை.

பையன் இதைச் செய்தபோது பாட்டியும் வந்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். கல்லை வைத்து விட்டதும் இடத்தட்டு சடக்கென்று மேலே போனது. மாம்பழம்தான் கனம். இடத்தட்டில் கல்லுடன் காசுகளைச் சேர்த்தான். மூன்றாவது காசுக்குத் தட்டு இன்னும் உயரத்திலேயே நின்றது. நான்காவது காசைப் போட்டதும் முள் நூலுக்கு ஒரு நெல்லளவு தள்ளி வந்து நின்றது. ஆக, மாம்பழம் கல்லைவிட 24 கிராம் அளவுக்குக் கூடுதல். மாலையில் மாம்பழம் வாங்கிய தள்ளுவண்டிக்காரரிடம் இரண்டையும் கொண்டுபோய் அவருடைய மின்னணுத் தராசில் வைத்தோம். மாம்பழம் 260, கல் 235 என்று காட்டியது. ஐந்து ஐந்து கிராமாக மட்டுமே எண் மாறும் தராசு அது. அதனுடன் எங்கள் கணக்கு ஒத்துப்போனது.

முதல் நாள் தராசு ஏன் தட்டுக்குத் தட்டு பேச்சை மாற்றியது என்பதையும் இந்த எண்களைக் கொண்டு சரிபார்க்கலாம். மாம்பழம் 32 செ.மீ. கையில் இருந்தபோது 260-ஐ 32-ஆல் பெருக்கக் கிடைப்பது 8320, எதிரே 235-ஐ 28-ஆல் பெருக்க 6580, மாம்பழம் தாழ்ந்தது. இடம் மாற்றியதும் மாம்பழத்துக்கு 7280, கல்லுக்கு 7520, கல் தாழ்ந்தது. இரண்டு பொருள்களின் எடை இவ்வளவு நெருக்கமாக இல்லாமல், ஒன்று மற்றதைப் போல் இரு மடங்காக இருந்திருந்தால், அந்தப் பொய்த் தராசும் இரண்டு முறையும் ஒரே விடையைச் சொல்லியிருக்கும், அவனும் குறையைக் கண்டுபிடித்திருக்க மாட்டான்.

பாட்டியின் கை ஏமாந்ததற்கும் காரணம் உண்டு. கருங்கல் வகைக் கல் தண்ணீரைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு அடர்த்தியானது, மாம்பழத்தின் அடர்த்தியோ தண்ணீருக்கு மிக அருகில் இருப்பது. அதனால் 235 கிராம் கல் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது, 260 கிராம் பழம் கையை நிறைத்தது. எடை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது சிறிய பொருளே கனமானதாகக் கைக்குத் தோன்றும். எடை தெரிந்த பிறகும் அந்த உணர்வு போவதில்லை. பாட்டி இரண்டையும் மறுபடி வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்பவும் எனக்குக் கல்லுதான்டா கனமா இருக்கு" என்றார்.

10. ஒரே நாளில் முடித்துவிடுங்கள்

மாம்பழத்தை இன்றும் கல்லை நாளையும் நிறுக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். பறித்த பழம் பழுக்கப் பழுக்க நீரை இழந்து எடை குறையும். இந்தத் தராசு 1 கிராமையே காட்டும் என்பதால் அந்த இழப்பும் தெரிந்துவிடும். பையன் இரண்டு நாள் கழித்து அதே பழத்தையும் கல்லையும் மறுபடி நிறுத்தபோது மூன்று காசுகள் போதுமானதாக இருந்தன. நான்காவதைப் போட்டால் கல் இருந்த தட்டு தாழ்ந்தது. தடை காய்ந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டு வெறுந்தராசை முதலில் சோதித்தான். முள் நூலோடு ஒன்றியே நின்றது. மேலும் இரண்டு நாள் கழித்தும் நிறுத்துப் பார்க்க நினைத்திருந்தான், ஆனால் அதற்குள் பாட்டி பழத்தை அரிந்துவிட்டார்.